பட்டனை அழுத்தினால் ரிங்டோன் ஏறாது

சமையலறையில் இருந்தாலும் போன் மணி காதில் விழட்டும் என்று, என் அத்தை ஓரத்து வால்யூம் பட்டனைக் கடைசிவரை அழுத்தி வைத்தார். அன்று வந்த இரண்டு அழைப்புகளும் அவருக்குக் கேட்கவில்லை. சாயந்திரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைத் தொட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அலறியது. போன் பழுதாகிவிட்டது என்றே நம்பிவிட்டார்.

போனில் கோளாறு இல்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், சும்மா இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்தினால் பாட்டு, வீடியோவின் சத்தம்தான் மாறும். அதற்கு முன் ரிங்டோன் மாறியது. பழைய பழக்கத்தில் அழுத்துகிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள்.

பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு பட்டை வரும். அதில் இசைக்குறி இருந்தால் நீங்கள் மாற்றுவது மீடியா சத்தம். அதன் அடியில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் மற்ற பட்டைகளும் விரியும். சில போன்களில் இது வேறு இடத்தில் இருக்கும். அப்போது Settings-இல் Sound பகுதிக்குப் போங்கள். அத்தை போனில் Ring volume கால்வாசிதான் இருந்தது, Media volume முழுசாக இருந்தது. ரிங் பட்டையை நகர்த்தினால் அந்த அளவிலேயே மணி ஒலித்துக் காட்டும். அவரை அடுப்பங்கரையில் நிற்கவைத்து, மிக்ஸியை ஓடவிட்டு, "இது கேக்குது" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். மீடியாவை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினோம்.

ராத்திரி தூங்குவதற்காக ரிங் பட்டையைப் பூஜ்ஜியமாக்குவது அடுத்த தவறு. போன் வைப்ரேஷனுக்குப் போய்விடும், மெசேஜ் சத்தமும் சேர்ந்தே அடங்கும், காலையில் திரும்ப ஏற்ற மறந்துபோகும். அதற்குப் பதில் Do Not Disturb-இல் நேரம் குறித்து வையுங்கள். விடிந்ததும் தானாக விலகும். அவசரத்துக்குக் கூப்பிடக்கூடியவர்களின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம்.

ஆண்ட்ராய்டில் அலாரத்துக்குத் தனிப் பட்டை உண்டு, அதனால் ரிங்கைக் குறைத்தாலும் அது பாதிக்காது. ஐபோனில் அப்படி இல்லை. ரிங்டோனுக்கும் அலாரத்துக்கும் ஒரே பட்டை. ராத்திரி அதைக் குறைத்தால் காலை அலாரமும் முனகும். பட்டையைத் தொடாமல் சைலன்ட் போடுங்கள், அலாரம் அப்போதும் அடிக்கும். ஐபோன் Settings-இல் உள்ள Change with Buttons-ஐ அணைத்து வைத்தால், பட்டன் தெரியாமல் அழுந்தினாலும் ரிங் அளவு மாறாது.

எதிர்முனைக் குரல் கேட்கவில்லை என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்த வேண்டும். போனை வைத்த பிறகு அழுத்தினால் மறுபடி மீடியாதான் ஏறும். ஸ்பீக்கரிலும் ப்ளூடூத்திலும் அழைப்புச் சத்தம் தனித்தனி. காதில் வைத்துக் கேட்கும்போது சரிசெய்தது ஸ்பீக்கருக்கு வராது, அதையும் ஸ்பீக்கரில் பேசும்போதே ஒருமுறை ஏற்றிவிடுங்கள்.