தேர் நகரும்போது குரலை நிறுத்தினேன்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் ஆறு நிமிடக் காணொளியாக்கி, கனடாவில் இருக்கும் சித்தி குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும். நான் எழுதிய வர்ணனை காட்சிகளைவிட நீண்டு, 24ஆம் நாள் தேர் அசையும் இடத்தில் தவிலோடு மோதியது. தவில் சத்தத்தைக் குறைத்தேன். தேரே உயிரற்றுப் போனது. வேகமாக வாசித்தேன், சித்தியின் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மூன்று நாள் போனது.

பிறகு என் வாசிப்பைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 10 விநாடிக்கு 15 சொல்தான். அந்தக் கணக்கில் ஒவ்வொரு காட்சிக்கும் திரும்ப எழுதினேன். "தேர் வீதி வலம் வருகிறது" போன்ற, கண்ணுக்கே தெரிகிற வரிகளை வெட்டினேன். சப்பறம், தீர்த்தம் என்றால் என்ன என்பதை மட்டும் காட்சிக்குச் சற்று முன்பே சொன்னேன். வடம் இழுபடும் 40 விநாடிக்கு வர்ணனையே இல்லை, அரோகரா மட்டும். பல இடங்களில் இருந்த "இன்று" என்ற சொல்லை "24ஆம் நாள்" என்பதுபோல மாற்றியதும் பிள்ளைகளின் மிச்சக் குழப்பமும் தீர்ந்தது.