காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிவாங்கியில் அறிவிப்பு வாசிப்பது எப்படி? மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

வேலூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் நான், இலக்கிய மன்றப் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் புதிய மாணவர்கள் சிலரைக் காலைக் கூட்டத்து அறிவிப்புக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. திருக்குறளும் செய்தியும் வாசிப்பவர்களுக்குக் கூடக் கைவராத ஒரு திறன் அறிவிப்பில் தேவைப்படுகிறது. குறளைத் தவறவிட்ட மாணவன் அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்வான். அறிவிப்பில் சொன்ன தேதியைத் தவறவிட்டவனுக்குத் திருப்பிப் பார்க்கப் பக்கம் எதுவும் கிடையாது. அதனால், ஒரே முறை காதில் விழுவதை வைத்தே பிள்ளைகள் செயல்படும்படி எழுதி வாசிப்பது எப்படி என்பதை, ஓர் அறிவிப்பை முழுமையாக எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று நம் பள்ளிகளில் கொண்டாடப்படும் கல்வி வளர்ச்சி நாளை வைத்துக்கொள்வோம். 2026ஆம் ஆண்டில் அது புதன்கிழமை வருகிறது. அன்று ஒரு பேச்சுப் போட்டி நடக்க இருக்கிறது. அதற்கு முந்தைய புதன்கிழமை, அதாவது ஜூலை 8 அன்று, எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் அதை அறிவிக்கப் போகிறார்.

முதலில், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் பொறுப்பாசிரியரிடம் சென்று, என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, யார் யார் பங்கேற்கலாம், பங்கேற்க விரும்புபவர் எதை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றோடு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் நான் கேட்கச் சொல்வேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கவலை. முடியும் நேரம் தெரியாவிட்டால், ஆசை இருந்தும் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

எழுதும்போது வெட்ட வேண்டியவை

அந்த மாணவி எழுதி வந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, அறிவுக் கண் திறக்கும் ஆசிரியப் பெருமக்களே, என் உடன் பயிலும் அன்பு நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் இனிய காலை வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, கல்விக்காகத் தம் வாழ்வையே அர்ப்பணித்த பெருந்தலைவரின் பிறந்த நாளை முன்னிட்டு நம் பள்ளியில் நடைபெறவிருக்கும்..." பேச்சுப் போட்டி என்ற சொல் வருவதற்குள் அரை நிமிடம் போய்விட்டது. இவ்வளவும் மேடைப் பேச்சுக்குப் பொருந்தும். அறிவிப்பில் அது தேதியைப் புதைத்துவிடுகிறது.

இருப்பினும், எடுத்த எடுப்பிலேயே தேதியைச் சொல்லிவிடவும் கூடாது. ஒரு வாசிப்பாளர் போய் மற்றொருவர் ஒலிவாங்கிக்கு வரும்போது வரிசையில் சலசலப்பு இருக்கும். அந்தச் சலசலப்பில் முதல் வாக்கியம் பெரும்பாலும் காணாமல் போகும். எனவே போனாலும் இழப்பில்லாத "அனைவருக்கும் வணக்கம்" முதல் வாக்கியமாகவும், எதைப் பற்றிய அறிவிப்பு என்பது இரண்டாவதாகவும், நாளும் நேரமும் இடமும் மூன்றாவதாகவும் வரட்டும்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். "என்பதால்", "என்பதையும்", "மேலும்" என்று கோத்துக்கொண்டே போகும் வாக்கியம் தாளில் படிக்க நன்றாக இருக்கும். காதால் கேட்பவர் அதன் முடிவு வருவதற்குள் தொடக்கத்தை விட்டுவிடுவார். வேலூரில் வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் பலர் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். "பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதைவிட "பெயர் கொடுக்க வேண்டும்" என்பது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

எண்களும் தேதியும்

அறிவிப்பு தவறாகிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இதற்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். ஓராண்டு எங்கள் மாணவர் ஒருவர் "பதினைந்தாம் தேதி" என்று சரியாகத்தான் வாசித்தார். ஆனால் பின்வரிசையில் நின்ற சிலர் அதைப் "பதினெட்டு" என்று எடுத்துக்கொண்டு, போட்டி முடிந்த மூன்றாம் நாள் பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். இரண்டு சொற்களுக்கும் தொடக்கம் ஒன்றே. வேறுபடும் பின்பகுதியோ, வாசிப்பவர் குரலைத் தாழ்த்தும்போது தேய்ந்துவிடுகிறது. "ஏழாம் வகுப்பு", "எட்டாம் வகுப்பு" என்பவையும் இப்படியே குழம்பும்.

இதற்கு மூன்று காப்புகள் உண்டு. தேதியோடு கிழமையையும் சேர்த்துச் சொன்னால், ஒன்று தப்பினாலும் மற்றொன்று கைகொடுக்கும். நாளையும் கடைசித் தேதியையும் இறுதியில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். வாசிக்கும் தாளில் எண்களை இலக்கத்தில் எழுதாமல் எழுத்தில் எழுத வேண்டும். "15.07.2026, 2.00" என்று இருந்தால் ஒலிவாங்கியின் முன் நாக்கு ஒரு கணம் தடுமாறும். "ஜூலை பதினைந்து, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி" என்று இருந்தால் கண் ஓடும் வேகத்திலேயே வாய் ஓடும்.

கிழமையைச் சொல்லும்போது ழகரத்தைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் பழம் "பயம்" ஆவது இயல்பு. வீட்டில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கிக் குழாய் ஏற்கெனவே ஒலியைத் தகரமாக்குகிறது. அதில் ழகரமும் நழுவினால் "கிழமை" என்பதே புரியாமல் போகும். நாக்கின் நுனியை மடித்து மேலண்ணத்தை நோக்கி உயர்த்தி, தொடாமல் நிறுத்தி, "கிழமை", "விழா" என்று முந்தைய நாள் மாலையே பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

வாசிக்கும் தாள்

அந்த மாணவியின் அறிவிப்பு திருத்தத்துக்குப் பின் இப்படி அமைந்தது. மூச்சு விட வேண்டிய இடத்தில் வரி முறிகிறது என்பதைப் பாருங்கள்.

அனைவருக்கும் வணக்கம்.
கல்வி வளர்ச்சி நாள் பேச்சுப் போட்டி பற்றிய அறிவிப்பு.
ஜூலை பதினைந்து, புதன்கிழமை,
பிற்பகல் இரண்டு மணிக்கு,
நம் பள்ளிக் கலையரங்கில் பேச்சுப் போட்டி நடைபெறும்.
ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் பங்கேற்கலாம்.
தலைப்பு: காமராசரும் மதிய உணவுத் திட்டமும்.
ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசலாம்.
பேச விரும்புபவர்கள் வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள்
தங்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.
போட்டி மாலை நான்கு மணிக்கு முடியும்.
மீண்டும் சொல்கிறேன்.
போட்டி நாள்: ஜூலை பதினைந்து, புதன்கிழமை.
பெயர் கொடுக்கக் கடைசி நாள்: இந்த வெள்ளிக்கிழமை.
நன்றி.

நிதானமாக வாசித்தால் இது ஒரு நிமிடத்துக்குள் முடியும். முக்கால் நிமிடத்துக்கும் குறைவாக முடித்தீர்கள் என்றால் ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம்விட்டு எழுதி, தேர்வு அட்டையில் கவ்வி எடுத்துச் செல்லுங்கள். வெறும் தாள் காற்றில் படபடக்கும். அந்த ஓசையையும் ஒலிவாங்கி எடுக்கும். போகும் முன் பொறுப்பாசிரியரின் கையொப்பம் தாளில் இருக்கட்டும். கலையரங்கு அந்த நேரத்தில் வேறு எதற்காவது கொடுக்கப்பட்டிருந்தால், கையொப்பமிடும்போதுதான் அது தெரியவரும்.

ஒலிவாங்கியின் முன்

ஒலிவாங்கி இயங்குகிறதா என்று பார்க்க அதைத் தட்டவோ ஊதவோ வேண்டாம். ஊதினால் எச்சிலும் ஈரமும் உள்ளே போகும். உங்களுக்கு முன் வாசித்தவரின் குரல் கேட்டதா என்று கவனித்தாலே போதும்; ஐயம் இருந்தால் "வணக்கம்" என்ற சொல்லே சோதனையாகிவிடும்.

உதட்டுக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே நான்கு விரல் அகலம் இருக்கட்டும். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, "போட்டி" என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். ஒரு காற்றடி கையில் படும். அந்தக் காற்றடிதான் ஒலிபெருக்கியில் "டப்" என்று வெடிக்கிறது. நம் அறிவிப்பிலோ "பேச்சுப் போட்டி", "பள்ளி", "பங்கேற்கலாம்", "பெயர்" என்று பகரமாகவே வருகிறது. ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே தாழ்த்திச் சாய்த்து, உதட்டின் ஓரத்தை நோக்கி வைத்தால், காற்று அதன் மேலாகக் கடந்துவிடும். குரல் மட்டும் உள்ளே போகும். உங்களைவிட உயரமானவர் வாசித்துவிட்டுப் போயிருந்தால், தாங்கியை முதலில் உங்கள் வாயளவுக்கு இறக்குங்கள். எம்பி நின்றுகொண்டு வாசிக்க முடியாது.

"கீ" என்று விசிலடித்தால் பதறிப்போய்க் கையால் ஒலிவாங்கியின் தலையைப் பொத்தாதீர்கள். பொத்தினால் அது கூடவே செய்யும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து சுற்றுவதுதான் அதற்குக் காரணம். ஒலிபெருக்கிக்குப் பின்புறமாக நகர்ந்து, ஒலிவாங்கியை அதற்கு எதிர்ப்புறமாகத் திருப்பினால் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒலியைக் குறைக்கும்படி ஆசிரியரைப் பார்த்துச் சைகை காட்டிவிட்டுக் காத்திருங்கள்.

இனி, வேகம். எதிரே 50 மீட்டர் தொலைவில் வகுப்பறைக் கட்டடம் இருந்தால், உங்கள் குரல் அதில் மோதித் திரும்பிவரக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். ஒரு வாக்கியம் முடிந்தவுடன் அடுத்ததைத் தொடங்கினால், திரும்பி வரும் பழைய சொல்லும் புறப்படும் புதிய சொல்லும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். அதனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மனத்துக்குள் "ஒன்று" என்று எண்ணிவிட்டுத் தொடருங்கள். "மீண்டும் சொல்கிறேன்" என்பதற்குப் பிறகு இரண்டு வரை எண்ணுங்கள். தலைகள் நிமிர அவ்வளவு நேரம் வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரலை விழவிடாதீர்கள். தமிழில் "நடைபெறும்", "கொடுக்க வேண்டும்" என்று வினை கடைசியில்தான் வருகிறது. அது தேய்ந்தால் வாக்கியமே தேய்ந்துவிடும்.

தேதியைத் தவறாக வாசித்துவிட்டால் முணுமுணுத்துக் கடந்து போகாமல், "திருத்திச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு முழு வரியையும் முதலிலிருந்து வாசியுங்கள். நடுவே மின்சாரம் போனால் கத்திப் பயனில்லை. தாளை வகுப்புத் தலைவர்களிடம் கொடுத்து வகுப்பறையில் வாசிக்கச் சொல்லலாம்.

வாசித்த பிறகு

முதல் இடைவேளையில், ஆறாம் வகுப்பு வரிசையின் கடைசியில் நின்ற ஒரு மாணவரைத் தேடிப் போய், "போட்டி என்றைக்கு? பெயர் யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் அவர் தயங்குவார். நீங்கள் கேட்டால் உள்ளதைச் சொல்வார். அன்று அந்த மாணவி கேட்டபோது, "புதன்கிழமை அக்கா. ஆனா பேர யாராண்ட குடுக்கணும்னு கேக்கல" என்று பதில் வந்தது. நாளும் கடைசித் தேதியும் திருப்பிச் சொல்லப்பட்டன; வகுப்பாசிரியர் என்பது ஒரே முறைதான் சொல்லப்பட்டிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை காலை வாசித்தபோது, "கடைசி நாள் நாளை, வெள்ளிக்கிழமை" என்று மாற்றி, அதற்குக் கீழே "வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்.