79 வாங்கியவள் அடுத்த தேர்வில் ஏன் 64 வாங்கினாள்?

ஒரு மாணவியின் கணக்குத் தேர்வு மார்க்குகள் வரிசையாக இவை என்று வைத்துக்கொள்வோம்: 55, 68, 61, 66, 54, 68. ஏழாவது தேர்வில் திடீரென்று 79. எட்டாவதில் 64.

79 வந்த அன்று எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். 64 வந்த அன்று, "பாராட்டினோம், தலைக்கனம் ஏறிவிட்டது" என்று அர்ச்சனை விழுந்திருக்கும். ஆனால் அவள் படிக்கும் விதத்தில் இந்த இரண்டு தேர்வுகளுக்கும் நடுவே எதுவுமே மாறியிருக்க வேண்டியதில்லை. எதுவும் மாறாமலே 79-க்கு அடுத்து 64 வரும். இதைத்தான் புள்ளியியலில் சராசரி நோக்கிய மீள்வு என்கிறார்கள். 'ரிக்ரெஷன் டு தி மீன்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை இந்த ஒரு மாணவியை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். கூட்டல் கழித்தலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும்.

படி 1: 79-ஐ மூடிவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்

முதல் ஆறு மார்க்கையும் கூட்டினால் 372. ஆறால் வகுத்தால் 62. இதுதான் அவளுடைய சராசரி.

ஆனால் அவள் ஒரு முறைகூடச் சரியாக 62 வாங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு தரம் 54-க்கு இறங்குகிறாள், இன்னொரு தரம் 68-க்கு ஏறுகிறாள். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். ஆறு எண்களையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு `STDEV` கேட்டால் சுமார் 6.4 வரும். அதாவது இவளுக்கு 62-இலிருந்து ஆறேழு மார்க் மேலே கீழே போவது சாதாரணம்.

இப்போது 79-ஐத் திறந்து பாருங்கள். சராசரிக்கு 17 மேலே. வழக்கமான அசைவைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். 64-ஓ வெறும் 2 தள்ளி. விளக்கம் கேட்க வேண்டியது 79-க்கு. நாமோ பெரும்பாலும் 64-ஐப் பிடித்து உலுக்குகிறோம்.

ஒரு எச்சரிக்கை. எட்டாவது வினாத்தாள் எல்லோருக்குமே கடினமாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. வகுப்புச் சராசரி எல்லாத் தேர்விலும் ஏறக்குறைய ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு மார்க்கையும் அந்தந்தத் தேர்வின் வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். இங்கே எல்லாத் தேர்விலும் வகுப்புச் சராசரி 60 என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: அந்த 17 மார்க் எங்கிருந்து வந்தது?

விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கலாம். முந்தின நாள் இரவு கடைசியாகப் புரட்டிய பாடத்திலிருந்தே இரண்டு ஐந்து மார்க் கேள்விகள் வந்திருந்தன: 10. விடை தெரியாமல் குத்துமதிப்பாகக் குறித்த மூன்று ஒரு மார்க் கேள்விகள் சரியாக விழுந்தன: 3. ஒரு கணக்கில் விடை தப்பு, ஆனால் திருத்தியவர் வழிமுறைக்கென்று 4 போட்டுவிட்டார். கூட்டினால் 17.

இதில் எதுவும் ஏமாற்று வேலை இல்லை. அவள் படித்ததும் நிஜம், எழுதியதும் நிஜம். ஆனால் இந்த மூன்றும் ஒரே நாளில் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டன. அடுத்த தேர்வில் கேள்விகள் வேறு, குத்துமதிப்பும் வேறு. அதிர்ஷ்டத்துக்கு நினைவு கிடையாது. போன தடவை கொடுத்ததை இந்தத் தடவை திருப்பிக் கேட்காது, தொடர்ந்து கொடுக்கவும் செய்யாது.

இங்கேதான் புதியவர்கள் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "மேலே போனால் அதை ஈடுகட்டக் கீழே வந்தாக வேண்டும்" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. அப்படி இருந்தால் 79-க்கு ஈடாக 45 வந்திருக்க வேண்டுமே? எட்டாவது தேர்வில் நடந்தது ஒன்றுதான்: 17 மார்க் கூடுதல் அதிர்ஷ்டம் வரவில்லை. வராதபோது அவள் எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்கிறாள்.

படி 3: 500 மாணவர்களை உருவாக்குங்கள்

ஒருத்தியின் கதையை மட்டும் கேட்டு நம்ப வேண்டாம். ஒரு புதிய ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, இரண்டாம் வரிசையில் இவற்றை இடுங்கள்:

```
A2:  =NORM.INV(RAND(),60,9.6)
B2:  =A2+NORM.INV(RAND(),0,7.2)
C2:  =A2+NORM.INV(RAND(),0,7.2)
```

A என்பது ஒரு மாணவரின் உண்மையான திறமை. B முதல் தேர்வு, C இரண்டாம் தேர்வு. இரண்டிலும் அதே திறமையோடு வெவ்வேறு அதிர்ஷ்டம் சேர்கிறது. மூன்று கட்டங்களையும் 501-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். யாரும் திறமையில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு தேர்வுக்கும் A ஒன்றேதான்.

அப்புறம், முதல் தேர்வில் 75-உம் அதற்கு மேலும் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி, அவர்களுடைய இரண்டு சராசரிகளையும் கேளுங்கள்:

```
=AVERAGEIF(B2:B501,">=75",B2:B501)
=AVERAGEIF(B2:B501,">=75",C2:C501)
```

முதலாவது 81 பக்கம் வரும், இரண்டாவது 73 பக்கம். ஐம்பது சொச்சம் பேர் சேர்ந்து ஏழெட்டு மார்க் இறங்கிவிட்டார்கள். இவர்களுக்குத் தலைக்கனம் ஏறியது என்று சொல்ல முடியாது; இவர்கள் மனிதர்களே இல்லை. எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். தாளில் எதைத் தொட்டாலும் `RAND()` புதிதாகச் சீட்டுக் குலுக்கும். எத்தனை முறை குலுக்கினாலும் இறக்கம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். தேர்வுகளைத் தலைகீழாக்குங்கள். இரண்டாம் தேர்வில் 75-ஐத் தாண்டியவர்களை எடுத்து, அவர்கள் முதல் தேர்வில் என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள்:

```
=AVERAGEIF(C2:C501,">=75",B2:B501)
```

இதுவும் 73 பக்கம்தான்! அதாவது பின்னோக்கிப் போனாலும் 'இறக்கம்' தெரிகிறது. இன்று கிடைத்த பாராட்டு நேற்றைய மார்க்கைக் குறைத்திருக்க முடியாதல்லவா? இறக்கத்தை உண்டாக்கியது நாம் பொறுக்கிய விதம். உச்சத்தில் இருப்பவர்களைப் பொறுக்கும்போதே, அன்றைக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தவர்களைக் கூடுதலாக அள்ளிக்கொள்கிறோம்.

"அப்படியென்றால் கொஞ்ச நாளில் எல்லோரும் 60-க்கு வந்துவிடுவார்களா?" என்று கேட்கலாம். `=STDEV(B2:B501)`, `=STDEV(C2:C501)` இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டுமே 12 பக்கம். வகுப்பு சுருங்கவில்லை. உச்சியில் இருந்த சிலர் இறங்க, வேறு சிலர் அங்கே ஏறிக்கொள்கிறார்கள்.

படி 4: எங்கே திரும்புவாள்: 62-க்கா, 60-க்கா, 72-க்கா?

'சராசரிக்குத் திரும்பும்' என்று சொல்லிவிடுவது சுலபம். யாருடைய சராசரி என்பதில்தான் குழப்பமே.

இந்த மாணவி இன்றுதான் பள்ளிக்குப் புதிதாக வந்தாள், 79 என்ற ஒரே மார்க்கைத் தவிர அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நம் கையில் இருப்பது வகுப்புச் சராசரி 60 மட்டும். ஆனால் அவள் முழுதாக 60-க்கு வந்துவிடுவாள் என்று நினைப்பதும் தப்பு. 79 வாங்கியதில் திறமைக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதை, இரண்டு தேர்வு மார்க்குகளும் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு சொல்லும். `=CORREL(B2:B501,C2:C501)` போட்டால் நம் தாளில் சுமார் 0.64 வரும். கணக்கு இவ்வளவுதான்:

```
60 + 0.64 × (79 − 60) = 72.16
```

புதியவளாக இருந்தால் எதிர்பார்ப்பு 72. அதுவும் துல்லியமான எண் இல்லை. ஒன்பது மார்க் இப்படி அப்படிப் போவது சகஜம்.

ஆனால் இவள் புதியவள் இல்லையே. ஏழு மார்க்குகள் கையில் இருக்கின்றன. ஏழின் சராசரி 64.4. ஒரு மார்க்கில் இருக்கும் அதிர்ஷ்டம் ஏழில் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் வகுப்புச் சராசரி இவளை அதிகம் இழுக்காது. 64 என்று எதிர்பார்த்திருக்க வேண்டும், 64 வந்தது. உதாரணத்துக்காக நான் எடுத்த எண் என்பதால் இவ்வளவு கச்சிதம். நிஜத்தில் 58-உம் வந்திருக்கலாம், 70-உம் வந்திருக்கலாம்.

உங்கள் வகுப்பின் நிஜ மார்க்குகளை வைத்து 0.64-க்குப் பதில் என்ன எண் என்று கண்டுபிடிக்க விரும்பினால், முழு வகுப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதல் பத்துப் பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கெழு பெரும்பாலும் மிகவும் சின்னதாக வரும்.

படி 5: நிஜமாகவே முன்னேறியிருந்தால்?

முன்னேற்றமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 79-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உயரமாக இருந்ததால்தான் நம் கண்ணிலேயே பட்டது. அதற்கு முந்தைய தேர்வுகளையும் பிந்தையவற்றையும் மட்டும் ஒப்பிடுங்கள். பின்னால் 76, 73, 78 என்று வந்திருந்தால் சராசரி 75-ஐத் தாண்டுகிறது, முன்பு 62. மூன்று தேர்வுகளின் சராசரி அதிர்ஷ்டத்தால் மட்டும் வழக்கமாக நாலு மார்க் அசையும். 13, 14 மார்க் வித்தியாசம் அதற்குள் அடங்காது. அப்போது அவளுடைய சராசரியே மாறிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரே ஒரு தேர்வு முடிந்த கையோடு இதைச் சொல்ல வழியில்லை.

படி 6: அதே தாளின் அடிப்பக்கம்

திட்டு ஏன் பலிப்பதுபோலத் தெரிகிறது என்பதற்கும் இதே தாளில் விடை இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானெமான் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது ஒருவர் எழுந்து, நன்றாகப் பறந்தவரைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார், சொதப்பியவரைத் திட்டினால் தேறுகிறார் என்று வாதாடினார். அவர் பார்த்தது பொய்யில்லை, காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். கானெமான் தரையில் ஒரு குறி வரைந்து, ஒவ்வொருவரையும் திரும்பி நின்று முதுகுக்குப் பின்னால் இரண்டு நாணயங்களை எறியச் சொன்னார். முதல் எறி குறிக்குப் பக்கத்தில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தள்ளி விழுந்தது. முதலாவது தள்ளிப் போனவர்களுக்கு இரண்டாவது நெருங்கியது. யாரையும் யாரும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

நம் தாளில் 45-உம் அதற்குக் கீழும் வாங்கியவர்களை எடுங்கள்:

```
=AVERAGEIF(B2:B501,"<=45",B2:B501)
=AVERAGEIF(B2:B501,"<=45",C2:C501)
```

39 பக்கம் இருந்தவர்கள் 47 பக்கம் ஏறியிருப்பார்கள். நடுவில் இவர்களுக்குச் சிறப்பு வகுப்பு எடுத்திருந்தால், எட்டு மார்க் ஏற்றிவிட்டோம் என்று அறிக்கையே எழுதியிருப்போம். வகுப்பால் பலன் உண்டா என்று தெரிய, 45-க்குக் கீழே உள்ளவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள். எடுக்காத பாதியும் 47 பக்கம் வரும். வகுப்பின் பலன் 47-க்கு மேலே எவ்வளவு போனது என்பதுதான்.