தடைக்காலத்துக்குக் கருவாடு

காசிமேட்டு விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாள்களுக்காக எங்கள் வீட்டில் பங்குனியிலேயே பன்னாக் கருவாடு போட்டுவிடுவோம்.

புதிய மீனாகப் பாருங்கள். கெடத் தொடங்கிய மீனை உப்பு காப்பாற்றாது. குடலை எடுத்து, முதுகெலும்பு வரை கீறித் திறந்துவிடுங்கள். எலும்போரம் உப்பு சேராவிட்டால் அழுகல் அங்கேதான் தொடங்கும். நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ கல்லுப்பு போதும். பானையில் மீனையும் உப்பையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓர் இரவு வைத்தால், மீனின் நீரை உப்பு இழுத்து வெளியேற்றிவிடும். நீர் குறைந்தால் கிருமிகள் பெருக முடியாது.

பிறகு உப்புநீரில் அலசி, மூன்று நான்கு நாள் வெயிலில் காயவிடுங்கள். மணலில் போடாமல் உயரமாகக் கட்டிய வலைமேல் பரப்புங்கள்; அடியிலும் காற்றுப் படும். மாலையில் பனி இறங்குமுன் எடுத்துவிட வேண்டும்.

சதையில் கட்டைவிரலை அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை. சேமித்தபின் இளஞ்சிவப்புப் படலமோ பிசுபிசுப்போ தெரிந்தால், அது உப்பிலும் வாழும் நுண்ணுயிர்; தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மத்தியை மட்டும் நெடுநாள் வைக்காதீர்கள். அதன் எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பதை உப்பால் தடுக்க முடியாது.