நிறுவனப் பணியிலிருந்து பயிற்சித் துறைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்றுநர் தேர்வுக் குழுவில் அமரும்போதெல்லாம், நல்ல பணி அனுபவத்தோடு வருபவர்கள் அதே சில இடங்களில் தடுமாறுவதைக் காண்கிறேன். குரல் எடுபடவில்லை, நேரம் கடந்துவிட்டது போன்ற குறைகள் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். நிதித் துறையில் மேலாளராக இருந்த ஒருவருக்கு 20 நிமிட மாதிரி வகுப்பு கொடுத்திருந்தோம். புதிதாகப் பதவி உயர்வு பெற்ற மேற்பார்வையாளர்கள் மாதச் செலவு அறிக்கையைப் படிக்கக் கற்க வேண்டும் என்பதே தலைப்பு. அவர் கணக்கியல் கோட்பாடுகளில் தொடங்கி, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக விளக்கி முடித்து, "ஏதேனும் சந்தேகம் உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறகு நாங்கள் ஓர் அறிக்கையை நீட்டி, எந்தச் செலவை முதலில் விசாரிப்பீர்கள் என்று கேட்டபோது, வகுப்பில் இருந்தவர்கள் அனைவரும் எழுதுபொருளைக் காட்டினார்கள்.

அந்த அறிக்கையில் எழுதுபொருளுக்கு 10,000 ஒதுக்கி 14,000 செலவாகியிருந்தது. ஊதியத்துக்கு 10,00,000 ஒதுக்கி 10,30,000 செலவாகியிருந்தது. 40 விழுக்காடு கண்ணை உறுத்துகிறது, 3 விழுக்காடு உறுத்துவதில்லை. ஆனால் கூடுதலாகப் போன தொகை முன்னதில் 4,000, பின்னதில் 30,000. இதை ஒரு பார்வையில் பிடிக்கும் பழக்கம்தான் அவருடைய பல ஆண்டு அனுபவத்தின் சாரம். அதை மட்டும் அவர் கற்பிக்கவே இல்லை.

ஸ்லைடு தயாரிப்பதற்கு முன், வகுப்பு முடிந்ததும் கற்பவர் எதைச் செய்வார் என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். செயல், சூழல், அளவுகோல் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்று ராபர்ட் மேகர் 1962-இல் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. "முன்பின் பார்த்திராத ஒரு பக்க அறிக்கையில், பத்து நிமிடத்துக்குள், தொகை அளவில் அதிகம் விலகிய மூன்று இனங்களைச் சரியாகக் குறிப்பார்" என்று எழுதிவிட்டால் வகுப்பின் அமைப்பு தானாக வந்துவிடும்: முதலில் அறிக்கையைக் கொடுத்து அவர்களையே குறிக்கவைப்பது, அவர்கள் தவறிய இடத்திலிருந்து விளக்குவது, இரண்டாவது அறிக்கையை உதவியின்றிச் செய்யவிடுவது. கணக்கியல் கோட்பாட்டுக்கு அதில் இடமிருக்காது.

தன்விவரத்தில் பதவிகளை அடுக்குவது

"12 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்பது மேலாளர் வேலைக்கான வரி. அதே அனுபவத்தை, "புதியவர்கள் தாமே அறிக்கை தயாரிக்கும் அளவுக்குப் பழக்கினேன், அவர்களுக்கான சரிபார்ப்புப் பட்டியலையும் எழுதினேன்" என்று மாற்றினால், படிப்பவர் உங்களை வகுப்பறையில் வைத்துப் பார்ப்பார்.

கருத்துப் படிவத்தைச் சான்றாகக் காட்டுவது

வகுப்பு கற்பவர்களுக்குப் பிடித்ததா என்பதை மட்டுமே அது காட்டும். பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலை மட்டுமே.

பழைய நிறுவனத்தின் ஸ்லைடுகளைக் கொண்டுவருவது

வேண்டாம். அவை உங்களுடையவை அல்ல.