"எல்லாத்தையும் கிளியர் பண்ணிடுங்க": பெரியவர்களுக்கு கேச், குக்கீ சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இணையம் பழகும் பெரியவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. அவர்கள் செய்யும் பிழைகள் சின்னவை, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சொல்லித் தருகிறேன் என்று கிளம்பும் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் பிழைகள்தான் தலைமுறை தலைமுறையாக அப்படியே வருகின்றன. தவறான எழுத்தைத் தட்டுவது, இரண்டு முறை கிளிக் செய்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இது கேச், குக்கீ என்ற இரண்டை மட்டும் பற்றியது.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது

"கேச், குக்கீ எல்லாம் குப்பை ஃபைல்தான் பெரியம்மா, அப்பப்ப அழிக்கணும்." இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லா வினையும் ஆரம்பிக்கிறது.

கேச் என்பது தளத்தின் சொத்து. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதன் படங்கள், எழுத்துரு, பக்கத்தை இயக்கும் நிரல் எல்லாம் இறங்கும். அடுத்த முறை வேகமாகத் திறக்க, அவற்றின் பிரதியை பிரவுசர் உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. அது போனாலும் நட்டமில்லை. தளம் மறுபடி அனுப்பும், முதல் தடவை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான்.

குக்கீ உங்களைப் பற்றியது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி இதைக் கொண்டுவந்தார். காரணம் எளிது: நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்திருப்பது அதே ஆள்தான் என்று தளத்துக்குத் தானாகத் தெரியாது. அதனால் உள்ளே நுழைந்ததும் தளம் ஒரு சிறு எழுத்துத் தொடரை உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. ஒவ்வொரு முறையும் பிரவுசர் அதைக் காட்டும். பொருள் வைப்பறையில் பையை வாங்கிக்கொண்டு நம் கையில் ஒரு டோக்கன் கொடுப்பார்களே, அதைப் போல. டோக்கனில் உங்கள் பை இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அது தொலைந்தால் நீங்கள் யார் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்று போதும்: கேச் போனால் தளத்துக்கு வேலை, குக்கீ போனால் உங்களுக்கு வேலை.

குக்கீ என்றால் வைரஸ் என்று பயமுறுத்துவது

அது வெறும் எழுத்து. தானாக இயங்காது, பரவாது.

எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பெரியம்மா ஒரு மருத்துவமனையின் தளத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்துகொண்டிருந்தார். பக்கம் வந்தது, தேதியும் தெரிந்தது, ஆனால் "உறுதி செய்" பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. பேரனுக்கு போன் போட்டார். அவன் வேறு ஊரில், ஏதோ அவசரத்தில் இருந்தான். "பாட்டி, Ctrl, Shift, Delete மூணையும் சேர்த்து அழுத்துங்க. All time போடுங்க. எல்லா டப்பாவிலயும் டிக் பண்ணி அழிச்சிடுங்க" என்றான். பெரியம்மா சொன்னபடி செய்தார். பட்டன் வேலை செய்தது. பேரன் போனை வைத்தான்.

அன்று மாலை மெயிலைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்டது. பெரியம்மா அந்த பாஸ்வேர்டைத் தட்டி வருடக்கணக்காகிறது. உள்ளே நுழைந்த நிலையை இத்தனை நாளும் காத்துவந்தது குக்கீ. அது போய்விட்டது. பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்குமே என்று பார்த்தால், டிக் அடித்த பட்டியலில் Passwords என்ற வரியும் இருந்திருக்கிறது. அதுவும் போய்விட்டது. போனில் இருக்குமே என்றால், இரண்டையும் ஒத்திசைத்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழிந்துவிட்டது.

சரி, "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று கொடுத்தார். குறியீட்டு எண் பழைய மொபைல் எண்ணுக்குப் போனது. அந்த எண்ணை அவர் விட்டு வெகுகாலம் ஆகிறது. "இந்தக் கணினியை நம்பலாம்" என்று எப்போதோ டிக் செய்திருந்தாரே, அந்த நினைவும் ஒரு குக்கீதான். அதனால் தன் சொந்த மேசையிலேயே அவர் முன்பின் தெரியாத ஆளாகிவிட்டார். "நான் எதையும் தொடலைப்பா, அவன் சொன்னதைத்தான் அழுத்தினேன்" என்று என்னிடம் பலமுறை சொன்னார். உண்மைதான். கணக்கை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பட்டன் ஏன் அசையவில்லை? தளத்தை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். பக்கம் புதிதாக இறங்கியது. ஆனால் பட்டனை இயக்கும் நிரல் பழைய பெயரிலேயே இருந்ததால், "இது நம்மிடம் இருக்கிறதே" என்று பிரவுசர் கேச்சிலிருந்த பழைய பிரதியைப் போட்டுவிட்டது. புதுப் பக்கமும் பழைய நிரலும் ஒத்துப்போகவில்லை. ஒரு ஃபைலை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று தளமே சொல்லி அனுப்பும், இப்படி:

```
Cache-Control: max-age=31536000
```

அந்த எண் வினாடிக் கணக்கு, அதாவது 365 நாள். இப்படிச் சொல்பவர்கள் நிரலை மாற்றும்போது ஃபைலின் பெயரையும் மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் பெரியம்மாவின் பட்டன் செத்துப்போகும்.

இதற்குத் தீர்வு Ctrl+F5. அதாவது, "இருப்பதை நம்பாதே, எல்லாவற்றையும் தளத்திடமிருந்து புதிதாகக் கேட்டு வாங்கு" என்று பிரவுசரிடம் சொல்வது. Ctrl+Shift+R என்றாலும் அதேதான். மேக் கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் Cmd+Shift+R. குக்கீ ஒன்றும் தொலையாது, பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் அதே முகவரியை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கீயும் இல்லை, பழைய கேச்சும் இல்லை, நீட்சிகளும் வழக்கமாக அணைந்திருக்கும். அங்கேயும் பக்கம் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தளத்திலோ இணைப்பிலோதான். உங்கள் கணினியில் எதையும் அழித்துப் பிரயோசனமில்லை. காத்திருங்கள், அல்லது தளத்துக்காரர்களுக்கு போன் செய்யுங்கள்.

இன்காக்னிட்டோவில் மட்டும் வேலை செய்தால், அந்த ஒரு தளத்தின் குக்கீ கெட்டிருக்கலாம். நுழைந்த மறு நொடி திரும்பவும் நுழைவுப் பக்கத்துக்கே தள்ளுவது, ERR_TOO_MANY_REDIRECTS என்று வருவது, Request Header Or Cookie Too Large என்று வருவது எல்லாம் அதற்கு அடையாளம். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, Cookies and site data, அதிலிருந்து Manage on-device site data என்று போனால் அந்தத் தளத்தின் பெயரும் பக்கத்தில் குப்பைத்தொட்டியும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் பூட்டுச் சின்னத்தை அழுத்தினால் Clear cookies and site data என்றே இருக்கும். அந்தத் தளத்துக்கு மட்டும் மறுபடி பாஸ்வேர்ட் போட வேண்டியிருக்கும். மற்றது எதுவும் அசையாது. பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழிக்கச் சொல்லுங்கள். பேரன் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

Ctrl+Shift+Delete-க்குப் போயே தீர வேண்டிய நேரமும் வரும். அப்போது Cached images and files என்ற ஒரு வரியை மட்டும் டிக் செய்யச் சொல்லுங்கள். போனில் வழிகாட்டுவதென்றால், டிக் இருக்கும் வரிகளை அவர்கள் வாயால் படித்துக் காட்டிய பிறகே அழுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே சில டப்பாக்களில் டிக் இருக்கும். நீங்கள் சொல்லாததும் சேர்ந்து அழியும்.

வாரம் ஒருமுறை கேச்சைச் சுத்தம் செய்வது

வேண்டாம். இடம் நிறைந்தால் பழையதை பிரவுசரே தள்ளிவிடும்.

ஜன்னலை மூடினால் வெளியேறியாயிற்று என்று விட்டுவிடுவது

சொந்தக் கணினியில் பரவாயில்லை. நூலகத்திலோ பிறர் வீட்டிலோ திறந்த மெயிலுக்கு இது ஆபத்து. பிரவுசரை மூடியதும் மறையும் குக்கீ உண்டு, தேதி குறித்து மாதக்கணக்கில் தங்கும் குக்கீயும் உண்டு. "என்னை நினைவில் வை" என்று டிக் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் வகையையும் முழுசாக நம்ப முடியாது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பிரவுசரை அமைத்திருந்தால், மூடிய பக்கங்களோடு அந்தக் குக்கீயும் திரும்ப வந்துவிடும்.

அதனால் வெளியேறு பட்டனை அழுத்தப் பழக்குங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட தளம் என்றால், அது குக்கீயை அழிப்பதோடு அந்த எண் இனி செல்லாது என்று தன் பக்கத்திலும் குறித்துக்கொள்ளும். நாமாகக் குக்கீயை மட்டும் அழித்தால் இந்த இரண்டாவது வேலை நடக்காது. மறந்து எழுந்து வந்துவிட்டார்கள் என்றால், வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனத்தில் திறந்திருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்தே வெளியேற்றலாம். பெரிய மெயில் சேவைகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது.

குக்கீ அனுமதிப் பலகையைப் பார்த்து மிரள்வது

"ஏத்துக்கச் சொல்லுது, என்னப்பா பண்றது?" என்று கேட்பார்கள். மறுக்கும் பட்டன் இருந்தால் தயங்காமல் அழுத்தலாம். தளம் இயங்கத் தேவையான குக்கீ எப்படியும் இருக்கும், போவது பெரும்பாலும் விளம்பரத்துக்காகவும் கணக்கெடுப்புக்காகவும் பின்தொடர்பவை. மறுத்ததை நினைவில் வைப்பதும் வழக்கமாக ஒரு குக்கீதான். எல்லாவற்றையும் அழித்த மறுநாள் பெரியம்மாவை எல்லாத் தளங்களும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆண்ட்ராய்டில் Clear cache, Clear storage இரண்டையும் ஒன்றென்று நினைப்பது

செயலியின் அமைப்பில் இரண்டும் அருகருகே இருக்கும். முதலாவதை அழுத்தலாம். இரண்டாவது, செயலி அந்தப் போனில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பெரியவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு "ஏதோ கிளியர்னு இருக்கும் பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.