மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள்

மிக்சியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில், எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி பலவற்றில் 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு. கெட்டியான மாவுக்கு நான் அந்த ஓட்ட நேரத்தையும் பாதியாக்குவேன்.

காரணம் எளிது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் சுழல்கிறது. மாவு இறுகி வேகம் குறைந்தால் காற்றும் குறையும், மின்னோட்டமோ கூடும்; கம்பிச்சுருளின் பூச்சு கருகத் தொடங்கும். சிங்கப்பூர் அடுக்குமாடிச் சமையலறையில் சுவரோடு ஒட்டிவைத்தால் காற்றுத் துளைகளும் அடைபடும். மிக்சி தானாக நின்றுவிட்டால், அது ஆறிய பிறகே அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

புது மிக்சியில் முதல் ஓட்டத்தில் வரும் லேசான வார்னிஷ் வாடைக்குப் பயம் வேண்டாம். கிரைண்டர் நீண்ட நேரம் ஓடுவதற்கென்றே செய்தது, இந்தக் கணக்கு அதற்கில்லை. ஆனால் கல் சிக்கி உறுமினால் உடனே நிறுத்துங்கள். கருகல் வாடை திரும்பத் திரும்ப வந்தாலோ புகை தெரிந்தாலோ ஓய்வு மருந்தாகாது: சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். தீயே பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் தீயணைப்புக்கு 995-ஐ அழையுங்கள்.